விடை மூன்றில் ஒரு பங்காக வந்தால்: கையால் எழுதிய பக்கத்தில் சங்கிலி விதிப் பிழையைத் தேடும் முறை

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் நடத்தும் சனிக்கிழமை வகுப்புக்கு வரும் ஆறாம் படிவ மாணவி ஒருத்தி, எஸ்.டி.பி.எம். கணிதத்தின் இரண்டாம் பருவத்துக்கான பயிற்சியில் ஒரு பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அதன் கீழே, “சார், எனக்கு 0.4 வருது, புத்தகத்து விடையில 1.2 வருது, எதைத் தொலைச்சேன்னு தெரியல” என்று ஒரு வரி இருந்தது. கேள்வி இதுதான்:

```
y = √(1 + sin² 3x),   dy/dx = ?
```

அவள் எழுதியிருந்த இறுதி வரி இது:

```
dy/dx = sin 3x cos 3x / √(1 + sin² 3x)
```

இந்தக் கட்டுரை அந்தப் பக்கத்தை வைத்தே எழுதப்பட்டது. சரியான வழி எது என்பதை முதலில் முழுவதும் காட்டிவிட்டு, அதன்பின் விடை எந்த விதத்தில் தவறுகிறதோ அந்த அறிகுறியைக் கொண்டு எந்தப் படி தவறியது என்று கண்டுபிடிக்கும் முறையைச் சொல்கிறேன். அவளே தன் கேள்வியில் பாதி வழியைக் கடந்திருந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு கோவைகளையும் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்காமல், x-க்கு ஓர் எண்ணைக் கொடுத்து இரண்டையும் கணக்கிட்டுப் பார்த்தது சரியான தொடக்கம். 0.4-க்கும் 1.2-க்கும் உள்ள விகிதம் 3 என்பதை அவள் கவனித்திருந்தால் என்னிடம் கேட்டிருக்கவே மாட்டாள்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு தமிழில் கணிதம் படிப்பதை முடித்துக்கொண்டவர்களுக்குச் சில சொற்கள் புதிதாக இருக்கலாம். இடைநிலைப் பள்ளியில் ‘பெம்பேசான்’ என்று படித்ததை இங்கே வகையிடல் என்றும், ‘பெத்துவா ரந்தாய்’ என்று படித்ததைச் சங்கிலி விதி என்றும் எழுதுகிறேன். ஒரு சார்புக்குள் இன்னொரு சார்பு அமர்ந்திருப்பதைச் சேர்ப்புச் சார்பு என்கிறோம்.

சார்பை அடுக்கடுக்காகப் பிரித்தல்

மேலே உள்ள கோவையில் x-ஐ எடுத்துக்கொண்டு ஒரு கால்குலேட்டரில் y-ஐக் கண்டுபிடிக்க வேண்டுமானால் எந்த வரிசையில் செய்வோம் என்று கேட்டுக்கொள்வதுதான் அடுக்குகளைப் பிரிப்பதற்கு நம்பகமான வழி. முதலில் x-ஐ 3-ஆல் பெருக்குகிறோம், பிறகு சைன் காண்கிறோம், வந்ததை வர்க்கப்படுத்தி 1 கூட்டுகிறோம், கடைசியில் வர்க்கமூலம் எடுக்கிறோம். ஒவ்வொரு கட்டத்திலும் கையில் இருக்கும் எண்ணுக்கு ஒரு பெயர் கொடுத்தால் போதும்.

```
k = 3x
m = sin k
p = 1 + m²
y = √p
```

புத்தகங்களில் வழக்கமாக வரும் u, v, w ஆகிய எழுத்துகளை நான் வேண்டுமென்றேதான் தவிர்த்திருக்கிறேன். அச்சில் அவை வேறுபட்டுத் தெரியும். பென்சிலால் வேகமாக எழுதும்போது u-வும் v-யும் ஒன்றாகிவிடும், q என்பது 9 ஆகிவிடும், s என்பது 5 ஆகிவிடும், வாலை வளைக்காத t கூட்டல் குறியாகிவிடும். மாணவர்களின் பக்கங்களில் சங்கிலி விதி சரியாகத் தெரிந்தும் தவறிப்போன விடைகள் பலவற்றுக்கு, மூன்றாம் வரியில் u-வாக இருந்தது ஐந்தாம் வரியில் v ஆனதைத் தவிர வேறு காரணமில்லை.

இப்போது வெளியிலிருந்து உள்ளே வருவோம். வர்க்கமூலம்தான் கடைசியில் செய்யப்படுவது. ஆகவே வகையிடும்போது அதுதான் முதலில் வரும். y = √p என்றால் dy/dp = 1/(2√p). இங்கே p என்பது என்ன என்று நாம் இன்னும் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். p ஒரு தனி மாறி போலவே நடத்தப்படுகிறது. அடுத்து p = 1 + m² என்பதிலிருந்து dp/dm = 2m கிடைக்கிறது; 1 என்பது மாறிலி ஆதலால் அதன் பங்கு சுழி. அதற்கடுத்து m = sin k என்பதிலிருந்து dm/dk = cos k. கடைசியாக k = 3x என்பதிலிருந்து dk/dx = 3. இந்த நான்கும்தான் சங்கிலியின் கண்ணிகள்; இவற்றைப் பெருக்க வேண்டும்.

```
dy/dx = dy/dp · dp/dm · dm/dk · dk/dx
      = 1/(2√p) · 2m · cos k · 3
      = 3 sin 3x cos 3x / √(1 + sin² 3x)
```

இரண்டாம் வரியிலிருந்து மூன்றாம் வரிக்குப் போகும்போது இரண்டு செயல்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன: கீழே உள்ள 2-உம் மேலே உள்ள 2-உம் அடிபடுகின்றன, p, m, k ஆகியவற்றுக்கு அவற்றின் உண்மையான கோவைகள் திரும்ப வைக்கப்படுகின்றன. இவற்றை இரண்டு தனி வரிகளில் செய்யும்படி நான் வற்புறுத்துவேன். அந்த மாணவியின் பக்கத்தில் 3 காணாமல் போனது சங்கிலி விதியில் அன்று, சரியாக இந்த இடத்தில்தான். மேல் வரியின் வலது ஓரத்தில் 3 சரியாகவே இருந்தது. இரண்டுகளை அடித்த அதே கோடு நீண்டு அதையும் தொட்டிருந்தது.

ஏன் பெருக்குகிறோம் என்பதை எண்களில் பார்த்தல்

பிழை தேடுவதற்கு முன், ஒவ்வொரு கண்ணியும் உண்மையில் எதை அளக்கிறது என்பதை ஒருமுறை எண்களாகப் பார்த்துவிடுவது நல்லது. x-ஐ 0.19-இலிருந்து 0.21-க்கு நகர்த்துவோம். கோணங்கள் ரேடியனில் உள்ளன.

```
        x=0.19     x=0.21     மாற்றம்
k       0.57       0.63       0.06
m       0.53963    0.58914    0.04951
p       1.29120    1.34709    0.05589
y       1.13631    1.16064    0.02433
```

x-இன் மாற்றம் 0.02. k-யின் மாற்றம் அதைப்போல 3 மடங்கு. m-இன் மாற்றத்தை k-யின் மாற்றத்தால் வகுத்தால் 0.825 வருகிறது, cos 0.6-இன் மதிப்பும் 0.825 தான். p-யின் மாற்றத்தை m-இன் மாற்றத்தால் வகுத்தால் 1.129, அதுவே 2 sin 0.6. y-யின் மாற்றத்தை p-யின் மாற்றத்தால் வகுத்தால் 0.435, அதுவே 1/(2√p). இந்த நான்கு விகிதங்களையும் பெருக்கும்போது நடுவில் உள்ள 0.06, 0.04951, 0.05589 ஆகியவை மேலும் கீழுமாக வந்து உண்மையாகவே அடிபட்டுப் போகின்றன, மிஞ்சுவது 0.02433-ஐ 0.02-ஆல் வகுத்தது மட்டும், அதாவது ஏறக்குறைய 1.217. சங்கிலி விதியில் நாம் கூட்டாமல் பெருக்குவதற்கான காரணம் இந்தப் பட்டியலின் கடைசிப் பத்தியிலேயே இருக்கிறது. x-இன் நகர்வு k-யில் மூன்று மடங்காகி, அந்த மூன்று மடங்கு m-இல் 0.825 பங்காகி, அதுவும் p-யில் 1.129 மடங்காகி என்று ஒன்றன் மேல் ஒன்றாகப் பெருகிக்கொண்டு போகிறது.

நாம் பெற்ற சூத்திரத்தில் x = 0.2 என்று வைத்தால் 1.2174 வருகிறது. மேலே உள்ள பட்டியல் 1.217 என்று சொன்னது. இரண்டும் பொருந்துவதால் சூத்திரத்தை நம்பலாம்.

x-க்கு 0.2-ஐ ஏன் எடுத்தேன் என்பதும் முக்கியம். மாணவர்கள் பெரும்பாலும் x = 0-ஐ வைத்துச் சோதிக்கிறார்கள்; அங்கே sin 3x சுழியாகிவிடுவதால் சரியான விடையும் 0, கண்ணி தவறிய விடைகளில் பெரும்பாலானவையும் 0, சோதனையே பயனற்றது. π/6-இலும் இதே கதைதான், அங்கே cos 3x சுழி. π/18 இன்னும் வஞ்சகமானது: அங்கே sin 3x சரியாக 1/2 ஆதலால் 2 sin 3x என்ற கண்ணியின் மதிப்பு 1 ஆகிவிடும், அந்தக் கண்ணியை முழுவதும் விட்டுவிட்டவருக்கும் சரியான எண்ணே கிடைக்கும். π/12-இல் y-யும் dy/dx-உம் இரண்டுமே √1.5 ஆக அமைகின்றன. எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதே குழம்பிவிடும். 0.2-இல் நான்கு கண்ணிகளின் மதிப்புகள் 0.4354, 1.1293, 0.8253, 3. எதுவும் 1 இல்லை, எதுவும் இன்னொன்றைப்போல் இல்லை. ஆகவே ஒரு கண்ணி விழுந்துவிட்டால், சரியான விடையை நம் விடையால் வகுத்த எண்ணே விழுந்த கண்ணியின் பெயரைச் சொல்லிவிடும்.

அறிகுறி: x = 0.2-இல் 0.406 வருகிறது

1.2174-ஐ 0.4058-ஆல் வகுத்தால் 3. விழுந்தது dk/dx. மாணவர்கள் மிக அதிகமாகத் தொலைப்பது இந்தக் கண்ணியைத்தான், ஏனென்றால் சைனைக் கொசைன் ஆக்கியவுடன் வேலை முடிந்துவிட்டது போன்ற உணர்வு வந்துவிடுகிறது. 3x என்பது பார்வைக்கு ஒரு சார்பாகவே தோன்றுவதில்லை. x-ஐப் போலவே ஒரு பொருளாகத் தோன்றுகிறது. பக்கத்தில் இதைக் கண்டுபிடிக்க, cos 3x முதன்முதலாகத் தோன்றும் வரியைத் தேடி, அதே வரியில் அதற்கு வலப்பக்கம் தனியாக ஒரு 3 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பிழை அங்கே நடந்தது. இருந்தால், நம் மாணவிக்கு நேர்ந்ததுபோல, பிழை அதற்குக் கீழே சுருக்கும் வரியில் நடந்திருக்கிறது. அடித்த கோடுகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர வேண்டும். மேலே எத்தனை எண்கள் அடிபட்டனவோ அத்தனையே கீழேயும் அடிபட்டிருக்க வேண்டும்.

அறிகுறி: விடை எதிர்க்குறியில் வருகிறது

0.19-இலிருந்து 0.21-க்குப் போகும்போது y 1.13631-இலிருந்து 1.16064-க்கு ஏறுகிறது என்பதை மேலே பார்த்தோம். ஏறும் இடத்தில் dy/dx என்ற வகைக்கெழு எதிர்க்குறியில் இருக்க முடியாது. ஆகவே −0.487 என்றோ −1.460 என்றோ வந்தால் ஒரு கண்ணி விழவில்லை. ஒரு கண்ணி உருமாறியிருக்கிறது. பக்கத்தில் தேடினால் பெரும்பாலும் இப்படி ஒரு வரி கிடைக்கும்:

```
1/(2√(1 + sin² 3x)) · 2 sin 3x · cos 3
```

சைனை வகையிட்டுக் கொசைன் ஆக்கும்போதே, உள்ளே இருந்த 3x-ஐயும் வகையிட்டு 3 ஆக்கி, அந்த 3-ஐக் கொசைனுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். cos 3-இன் மதிப்பு −0.99 ஆதலால் குறி மாறியது. சிலர் அதன்பின் வெளியேயும் ஒரு 3-ஐப் பெருக்குவார்கள், அப்போதுதான் −1.460 வரும்.

இந்தப் பிழையின் வேரைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சைன் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பது k இப்போது எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. k எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதைப் பொறுத்ததன்று. k நிற்கும் இடம் 0.6, அதனால்தான் cos 0.6. k நகரும் வேகம் 3. அது தனிக் கண்ணியாக வெளியே பெருக்கப்படுகிறது. இடமும் வேகமும் ஒரே அடைப்புக்குறிக்குள் கலந்துவிட்டால் இந்த அறிகுறி வரும். வர்க்கமூலத்திலும் இதே தவறு நடப்பதுண்டு: மூலக் குறிக்குள் இருக்கும் 1 + sin² 3x-ஐ வகையிட்டு, வந்ததை மூலக் குறிக்குள்ளேயே எழுதிவிடுவார்கள். இதைக் கண்ணால் பிடிக்க எளிய வழி உண்டு. கேள்வியில் மூலக் குறிக்குள் என்ன இருந்ததோ அது விடையிலும் மூலக் குறிக்குள் ஓர் எழுத்தும் மாறாமல் இருக்க வேண்டும். கேள்வியில் சைன் எதன் மேல் வேலை செய்ததோ அதன் மேலேயே கொசைனும் வேலை செய்ய வேண்டும்.

வர்க்கமூலத்துக்குள் ஒரு கோவையை வைத்து வகையிடும் இந்த வடிவம் சங்கிலி விதி அளவுக்கே பழையது. கணிதவியலாளர் லைப்னிட்ஸ் 1676-இல் எழுதிய ஒரு குறிப்பில் √(a + bz + cz²) என்ற கோவையை இப்படித்தான் உள்ளே வெளியே என்று பிரித்து வகையிட்டார். அவருடைய கணக்கிலும் கூட்டல்-கழித்தல் குறியில் ஒரு பிழை இருந்தது.

அறிகுறி: 1.078 வருகிறது, அல்லது பக்கத்தில் சைன் தனியாக நிற்கிறது

1.2174-ஐ 1.0780-ஆல் வகுத்தால் 1.129 வரும், அது 2 sin 0.6. வர்க்கத்துக்குரிய கண்ணி முழுவதும் விழுந்துவிட்டது என்று பொருள். மூலத்திலிருந்து நேரடியாகச் சைனுக்குத் தாவிவிட்டார்கள். இதற்குக் காரணம் பெரும்பாலும் sin² 3x என்ற எழுத்துமுறைதான். வர்க்கக் குறி சைனுக்கும் 3x-க்கும் நடுவில் சிறியதாக மிதப்பதால், அது ஒரு தனிச் செயல் என்பதே கண்ணுக்குத் தெரிவதில்லை. நான் மாணவர்களிடம் கேள்வியை எடுத்தெழுதும்போதே அதை (sin 3x)² என்று மாற்றி எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். அப்படி எழுதியபின் வர்க்கத்தை மறப்பது கடினம், ஏனெனில் அடைப்புக்குறி அடுக்கைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

இதே எழுத்துமுறை இன்னொரு வித்தியாசமான பிழையையும் பெற்றெடுக்கிறது. சிலர் sin² 3x-ஐ வகையிட்டு 2 sin · cos 3x · 3 என்று எழுதுவார்கள். இந்தப் பக்கத்தில் x = 0.2 என்று வைத்துச் சோதிக்கவே முடியாது, ஏனென்றால் தனியாக நிற்கும் சைனுக்கு எந்த மதிப்பும் இல்லை; கால்குலேட்டரில் அந்த விசையை அழுத்தினால் அது அடுத்த எண்ணுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். எழுதியவர் மனத்தில் சைன் ஒரு சார்பாக இல்லை, 3x-ஓடு பெருக்கப்பட்ட ஒரு காரணியாக இருக்கிறது. எனவே இங்கே சங்கிலி விதியைத் திரும்பச் சொல்லிக்கொடுப்பதால் பயன் இல்லை. m = sin k, p = 1 + m² என்ற இரண்டு வரிகளையும் அவர் கையாலேயே எழுதவைத்து, வர்க்கத்தின் வகைக்கெழு 2m என்றும், அந்த m-க்குள் sin k முழுவதுமாக இருக்கிறது என்றும் காணச் செய்ய வேண்டும்.

அறிகுறி: விகிதம் எந்தக் கண்ணியோடும் பொருந்தவில்லை

2.295 வந்தால், p = 1 + m² என்பதை வகையிடும்போது 1 அப்படியே நின்று 1 + 2m ஆகியிருக்கிறது. இதைப்போன்ற ஒற்றைப் பிழைகளை ஊகித்துவிடலாம். ஆனால் இரண்டு பிழைகள் ஒரே பக்கத்தில் சேர்ந்துவிட்டால், விகிதம் இரண்டின் கலவையாக வரும். அதை வைத்து ஊகிக்க முயல்வது வீண். அப்போது மேலே கொடுத்த பட்டியலுக்குத் திரும்ப வேண்டும். dy/dp, dp/dm, dm/dk, dk/dx ஆகிய ஒவ்வொன்றுக்கும் மாணவர் எழுதிய கோவையில் எண்களை வைத்து, 0.435, 1.129, 0.825, 3 ஆகியவற்றோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டால், பொருந்தாத கண்ணிகள் தாமே வெளிப்படும். இதற்குப் பத்து நிமிடம் ஆகும். ஆனால் பக்கத்தை நான்கு முறை வெறித்துப் பார்ப்பதற்கும் அதே நேரம்தான் ஆகிறது.

அறிகுறி: 0.0314 போன்ற மிகச் சிறிய எண் வருகிறது

இது பக்கத்தில் உள்ள பிழையன்று. கால்குலேட்டர் பாகையில் இருக்கிறது. அது 0.6-ஐ 0.6 பாகையாக எடுத்துக்கொண்டு சைன் கண்டதால் இந்த எண் வந்தது. ரேடியனுக்கு மாற்றிவிட்டு மறுபடி கணக்கிட்டால் போதும். சூத்திரத்தில் வைத்துக் கண்ட மதிப்பும், இரண்டு y மதிப்புகளின் வித்தியாசத்திலிருந்து கண்ட மதிப்பும் 57.3 மடங்கு வேறுபட்டாலும் காரணம் இதுவே. சைனின் வகைக்கெழு கொசைன் என்பது கோணம் ரேடியனில் இருக்கும்போது மட்டுமே உண்மை. பாகையில் அளந்தால் π/180 என்ற ஒரு கூடுதல் கண்ணி சங்கிலியில் சேர்ந்துவிடும்.

அறிகுறி: புத்தகத்தின் விடை வேறு வடிவத்தில் இருக்கிறது

புத்தகத்தின் பின்பக்கத்தில் இப்படி இருக்கக்கூடும்:

```
3 sin 6x / (2√(1 + sin² 3x))
```

2 sin 3x cos 3x = sin 6x என்ற முற்றொருமையைப் பயன்படுத்திச் சுருக்கியிருக்கிறார்கள், அவ்வளவே. x = 0.2-இல் இதுவும் 1.2174 தரும். ஒரே ஒரு புள்ளியில் பொருந்துவது தற்செயலாக இருக்கலாம் என்ற ஐயம் நியாயமானது. ஆகவே இன்னொரு மதிப்பையும் வைத்துப் பார்க்கலாம். x = 0.5 என்றால் இரண்டு வடிவங்களும் 0.1499 தருகின்றன. இந்த நிலையில் எதையும் அழித்துத் திருத்த வேண்டியதில்லை. சரியான விடையை, புத்தகத்தைப்போல் தெரிய வேண்டும் என்பதற்காக வளைத்து, அதற்காகவே ஒரு பிழையைச் செய்த பக்கங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: 2.796 வருகிறது, அல்லது எல்லாச் சோதனையும் பொருந்தியும் விடை தவறு

2.7961-ஐ 1.2174-ஆல் வகுத்தால் 2.297 வருகிறது, அது 2√p. அதாவது 1/(2√p) என்ற வெளிக் கண்ணி விழுந்திருக்கிறது. ஆனால் இங்கே மட்டும் விகிதத்தின் சொல்லை அப்படியே நம்பக்கூடாது, ஏனென்றால் இதே எண்ணைத் தரும் இன்னொரு காரணம் உண்டு. மூலக் குறியின் மேல்கோடு கையால் எழுதும்போது குட்டையாகி, 1-இன் மேல் மட்டும் நின்றுவிட்டால், கேள்வியே y = √1 + sin² 3x என்று மாறிவிடுகிறது. √1 என்பது 1; ஆகவே y = 1 + sin² 3x; அதன் வகைக்கெழு 6 sin 3x cos 3x; x = 0.2-இல் மதிப்பு 2.796. மாணவர் சங்கிலி விதியில் ஒரு தவறும் செய்யவில்லை, வேறொரு கணக்கைச் சரியாகச் செய்திருக்கிறார்.

இரண்டு காரணங்களையும் பிரித்தறிய, அவர் எடுத்தெழுதிய கேள்வியிலிருந்து y-யின் மதிப்பையே கணக்கிட வேண்டும். மேல்கோடு கோவை முழுவதன் மேலும் நீண்டிருந்தால் x = 0.2-இல் y = 1.1484. கோடு குட்டையாக இருந்தால் y = 1.3188. இதேபோல் sin² 3x-இன் வர்க்கக் குறி கீழே சறுக்கி sin (3x)² ஆகிவிட்டால் y = 1.1629 வரும்.

முன்பு சொன்ன எண் சோதனையின் எல்லை இந்த இடத்தில்தான் இருக்கிறது. தவறாகப் படித்த கேள்வியிலிருந்தே y மதிப்புகளையும் கண்டு, அதிலிருந்தே வகைக்கெழுவையும் கண்டால், இரண்டும் தமக்குள் அழகாகப் பொருந்தும். சோதனை எதையும் காட்டிக்கொடுக்காது. ஆகவே 0.2-ஐ வைத்துக் காணும் முதல் எண் மட்டும் அச்சிட்ட கேள்வித்தாளைப் பார்த்தோ, வெண்பலகையைப் பார்த்தோ கணக்கிடப்பட வேண்டும், தன் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து அன்று. அந்த மாணவியின் அடுத்த பக்கத்தில் கேள்விக்கு நேரே ஓரத்தில் 1.1484 என்று சிறியதாக எழுதி வட்டமிட்டிருந்தாள்; மூலக் குறியின் மேல்கோடு 3x-ஐத் தாண்டி, கடைசியில் கீழ்நோக்கிச் சின்னதாக ஒரு கொக்கியோடு முடிந்திருந்தது.